அலை உங்களோடு நிற்கட்டும்

(சாலைப் பாதுகாப்பு மாதத்தையொட்டி, செங்கல்பட்டில் வாசகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



பொங்கல் விடுமுறை முடிந்து ஊர் திரும்பிய கையோடு வந்திருக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேராவது போன ஞாயிற்றுக்கிழமை ஜி.எஸ்.டி. சாலையில் நின்றிருப்பீர்கள். 'ஓட்டியிருப்பீர்கள்' என்று சொல்ல வாய் வரவில்லை. பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டுகிறோம். சிங்கப்பெருமாள்கோவில், மறைமலைநகர், கூடுவாஞ்சேரி என்று வண்டி நகர்கிறது, நிற்கிறது, மறுபடி நகர்கிறது. 'முன்னால் ஏதோ விபத்து போலிருக்கிறது' என்று வண்டிக்குள் ஒருவர் சொல்வார். அரை மணி கழித்துப் பாதை திடீரென்று திறந்துகொள்ளும். எட்டிப் பார்த்தால் விபத்து இல்லை, பழுதான லாரி இல்லை, பள்ளம்கூட இல்லை. அப்படியானால் இவ்வளவு நேரம் எதற்காக நின்றோம்?

இந்த ஒரு கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன். சாலை அகலம், மேம்பாலம், வாகனப் பெருக்கம் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. அவற்றைப் பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நம் வலது காலின் பங்கு எவ்வளவு என்பது மட்டும் என் பேச்சு.

ஜப்பானில் நாகோயாவைச் சேர்ந்த சுகியாமா என்ற இயற்பியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் இந்தக் கேள்விக்கு ஒரு சோதனை செய்து, 2008 இல் முடிவை வெளியிட்டார்கள். திறந்தவெளியில் 230 மீட்டர் சுற்றளவுக்கு ஒரு வட்டப் பாதை. அதில் 22 கார்கள், சம இடைவெளியில். மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில், முன் வண்டியோடு மோதாமல் தொடர்ந்து போங்கள் என்பது மட்டுமே ஓட்டுநர்களுக்குச் சொல்லப்பட்டது. சிக்னல் இல்லை, குறுக்குச் சாலை இல்லை, மாடு இல்லை, முந்துவதற்கு இன்னொரு தடமும் இல்லை. கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகச் சுற்றின. பிறகு எங்கோ ஒருவர் லேசாக வேகம் குறைத்தார். அது பின்னால் பரவிப் பெருத்து, சில கார்கள் முழுதாக நின்றேவிட்டன. நின்ற கூட்டத்தின் தலையிலிருந்து ஒவ்வொரு காராகக் கழன்று போக, வாலில் ஒவ்வொரு காராக வந்து ஒட்டிக்கொண்டது. கார்கள் முன்னோக்கிப் போயின, நெரிசல் மட்டும் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது.

இது எப்படி நடக்கிறது என்று சற்று நெருங்கிப் பார்ப்போம். 230 மீட்டரை 22 கார்கள் பங்கிட்டுக்கொண்டால் ஒரு காருக்குப் பத்தரை மீட்டர்கூட வராது. காரின் நீளம் நான்கு மீட்டர் போக, மீதி இடைவெளி சுமார் ஆறு மீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது நொடிக்கு எட்டு மீட்டருக்கும் மேல். அதாவது முன் காருக்கும் நமக்கும் நடுவில் முக்கால் நொடிதான் இருக்கிறது. முன் வண்டியின் பிரேக் விளக்கு எரிவதைக் கண் பார்த்து, கால் போய் பிரேக்கை அழுத்துவதற்கே ஏறக்குறைய ஒரு நொடி ஆகிவிடும். ஆகவே முன்னால் போகிறவர் 30-லிருந்து 25-க்கு இறங்கினால் எனக்கு 25 போதாது. தாமதித்த நேரத்தில் இடைவெளி சுருங்கிவிட்டது. அதை மீட்க நான் 20-க்கு இறங்கியாக வேண்டும். என் பின்னால் வருபவர் 14-க்கு, அவருக்குப் பின்னால் வருபவர் 8-க்கு என்று போய், எங்கோ ஒருவர் நின்றுவிடுகிறார். முதலில் பிரேக்கைத் தொட்டவருக்கு இது எதுவும் தெரியாது. அவர் செல்போனைத் திரும்பிப் பார்த்திருக்கலாம், தண்ணீர்ப் பாட்டிலை எடுத்திருக்கலாம். அவர் எப்போதோ வீடு போய்ச் சேர்ந்திருப்பார். அவர் தொடங்கிவைத்த அலை மட்டும் நம்மைத் தேடிப் பின்னோக்கி வந்துகொண்டிருக்கும்.

ஆக, நெரிசலுக்குள் நாம் போய் மாட்டிக்கொண்டோம் என்பது பாதி உண்மை. நெரிசல்தான் நம்மிடம் வந்து, நம்மைக் கடந்து, பின்னால் போகிறது.

நின்ற வரிசை மறுபடி புறப்படுவதும் இதே அலைதான். நிற்கும்போது ஒரு கார், தனக்கு முன்னுள்ள இடைவெளியையும் சேர்த்து, ஏழு மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னவர் நகர்ந்த பிறகு நான் நகர ஒன்றரை நொடி ஆகிறது. அப்படியானால் 'புறப்படு' என்ற செய்தி ஒன்றரை நொடிக்கு ஏழு மீட்டர் வீதம் பின்னால் வருகிறது. கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டர். ஜப்பானில் அளந்ததற்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். ஒரு கிலோமீட்டர் நீள வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு அந்தச் செய்தி வந்து சேர மூன்றரை நிமிடம் ஆகும். அதற்குள் அவர் எத்தனை முறை ஹாரன் அடித்தாலும் செய்தி ஒரு நொடி முன்னதாக வராது. நம் ஊரில் பைக், ஆட்டோ, பஸ் எல்லாம் கலந்து நிற்பதால் இந்த எண்கள் கொஞ்சம் கூடும், குறையும். அலையின் குணம் மாறாது. ஏதாவது ஒரு நடைமேம்பாலத்தின் மீது மாலையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். சிவப்பு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

இனி, இடைவெளிக்கு வருகிறேன். இடைவெளி விடுவது மோதாமல் இருக்கத்தான் என்று நினைத்திருந்தேன். அது ஒரு பயன். அலையை விழுங்குவது இன்னொன்று.

ஊர்ந்து போகும் ஒரு சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகும் வண்டி மணிக்கு 20 கிலோமீட்டரில் எட்டு நொடி ஓடுகிறது, எட்டு நொடி நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. ஓடும் எட்டு நொடியில் அது போகும் தூரம் 44 மீட்டர். ஓட்டத்தையும் நிறுத்தத்தையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் மணிக்கு 10 கிலோமீட்டர். அது பாய்ந்தபோது நானும் பாயாமல், முதலிலிருந்தே 10 கிலோமீட்டரில் உருண்டால் என்ன ஆகும்? அந்த எட்டு நொடியில் நான் 22 மீட்டர் போயிருப்பேன். எங்களுக்கு நடுவில் 22 மீட்டர் கூடுதலாக விரியும். அது நிற்கும் எட்டு நொடியில் நான் அந்த 22 மீட்டரை உருண்டு கடப்பேன். அதன் பின்பக்கத்தை நெருங்கும் நேரத்தில் அது மறுபடி கிளம்பியிருக்கும். முன்னவரும் நானும் ஒரே நேரத்தில்தான் போய்ச் சேர்கிறோம். அவர் நின்றார், நான் நிற்கவில்லை. அதைவிட முக்கியம், எனக்குப் பின்னால் வருபவர்களும் நிற்கவில்லை. முன்னாலிருந்து வந்த அலை என் வண்டியோடு முடிந்துவிட்டது.

இதற்கும் எல்லை உண்டு. முன் வண்டி மணிக்கு 30-ல் இருபது நொடி ஓடி இருபது நொடி நிற்கிற பெரிய அலையாக இருந்தால், அதை முழுதாக விழுங்க 80 மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையில் ஞாயிறு மாலையில் 80 மீட்டர் காலி இடம் விட்டால் அதில் ஒரு சந்தையே கூடிவிடும். ஆகவே முழு அலையையும் விழுங்க முயல வேண்டாம். நின்றாலும், தடாலென்று நிற்காமல், கடைசியில் மெதுவாக வந்து சிறிது நேரம் மட்டும் நின்றால் போதும். பின்னால் போகும் அலை அந்த அளவுக்குச் சிறுத்துப் போகும்.

'இடைவெளி விட்டால் பக்கத்து வண்டி நுழைந்துவிடுமே?' இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நுழையும், சந்தேகமே இல்லை. நுழையட்டும், கணக்கைப் பார்ப்போம். ஒரு வண்டி நுழைந்தால் நான் ஓர் இடம் பின்னால் போகிறேன். நகரும் வரிசையில் ஓர் இடத்தின் விலை இரண்டு, மூன்று நொடி. வழியெல்லாம் இருபது வண்டிகள் நுழைந்தாலும் எனக்கு நஷ்டம் ஒரு நிமிடம். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் ஒரு நிமிடம்! அதற்காகத்தான் முன் வண்டியின் பம்பரை முகர்ந்துகொண்டு போகிறோம்.

இந்தச் சாலையில் பல வருடம் அரசுப் பேருந்து ஓட்டிய ஒருவர் எனக்குப் பழக்கம். விழுப்புரம் பக்கத்துக்காரர். அவர் வண்டியில் முன் இருக்கையில் உட்கார்ந்து போனபோது ஒருநாள் கேட்டேன்: "அண்ணே, இவ்வளவு இடம் விடுறீங்களே, வரவன் போறவன் எல்லாம் பூர்றானே?"

"பூரட்டும் சார். பூந்து எங்க போயி நிக்கப் போறான்? எனக்கு முன்னாடிதான நிக்கப் போறான்?" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். "முன்னாடி வண்டியோட பிரேக் லைட்ட மட்டும் பாத்தா லேட்டு சார். அதுக்கு முன்னாடி ரெண்டு, மூணு வண்டியப் பாக்கணும். அவன் கால வெக்கும்போதே நான் கால எடுத்துடுவேன்."

பிரேக்கில் காலை வைப்பதைச் சொல்லவில்லை அவர். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பதைச் சொன்னார். இரண்டுக்கும் நடுவில்தான் வித்தை இருக்கிறது. பஸ் உயரத்திலிருந்து தூரம் தெரியும், காரில் தெரியாதே என்பீர்கள். முன் காரின் கண்ணாடி வழியாகவே அதற்கு முன்னுள்ள வண்டியின் விளக்கு தெரியும். முன்னால் லாரியோ பஸ்ஸோ மறைத்தால், மறைக்காத அளவுக்குப் பின்தங்க வேண்டியதுதான்.

அடுத்தது தடம் மாறுவது. இதில் நானே குற்றவாளி. சில வருடங்களுக்கு முன், இதே போன்ற ஒரு திரும்பும் நாளில், மறைமலைநகரிலிருந்து வண்டலூர் வரை பதினொரு முறை தடம் மாறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகன் எண்ணிக்கொண்டே வந்தான். தொடங்கும்போது எங்கள் பக்கத்தில் ஒரு சின்ன டெம்போ, மேலே கட்டில் ஒன்றைக் கவிழ்த்துக் கட்டி, யாரோ வீடு மாற்றிக்கொண்டு போனார்கள். அந்த ஓட்டுநர் ஒரே தடத்தில் வந்தார். வண்டலூரில் பார்த்தால் அந்தக் கட்டிலின் நான்கு கால்களும் எங்களுக்கு இரண்டு வண்டி முன்னால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. "அப்பா, பதினொண்ணு" என்றான் பையன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்துத் தடம் எப்போதும் வேகமாகப் போவதுபோல் ஏன் தெரிகிறது? கனடாவின் ரெடல்மையர், அமெரிக்காவின் டிப்ஷிரானி என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து 1999 இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஓடும் காரிலிருந்து எடுத்த படத்தை மாணவர்களுக்குக் காட்டினார்கள். பக்கத்துத் தடம்தான் வேகம் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். உண்மையில் அது கொஞ்சம் மெதுவாகப் போன தடம்.

இந்த மாயத்துக்கும் கணக்கு உண்டு. நிற்கும் வண்டிகள் நெருக்கமாக, ஏழு மீட்டருக்கு ஒன்றாக இருக்கும். ஓடும் வண்டிகள் விரிந்து, இருபது மீட்டருக்கு ஒன்றாக இருக்கும். நான் மணிக்கு 30-ல் ஓடி, நிற்கும் 24 வண்டிகளைத் தாண்ட 20 நொடி போதும். நான் நிற்கும்போது அதே வேகத்தில் 24 வண்டிகள் என்னைத் தாண்ட 58 நொடி ஆகும். தாண்டியதும் 24, தாண்டப்பட்டதும் 24. கணக்கு சரிக்குச் சரி. ஆனால் தோற்றுக்கொண்டிருந்த நேரம் ஜெயித்துக்கொண்டிருந்த நேரத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு! மனது வண்டியை எண்ணுவதில்லை, நேரத்தைத்தான் எண்ணுகிறது. போதாக்குறைக்கு, நாம் தாண்டியவர் பின்னால் போய் மறைந்துவிடுகிறார். நம்மைத் தாண்டியவர் கண்ணெதிரே நின்று வெறுப்பேற்றுகிறார்.

தடம் மாறுகிறவர் அலையையும் உண்டாக்குகிறார். புதிய தடத்தில் அவர் நுழைந்ததும் பின்னால் வருபவர் பிரேக் போட வேண்டும். பழைய தடத்தில் அவர் விட்ட ஓட்டைக்குள் யாரோ பாய்ந்து, பாய்ந்த வேகத்தில் பிரேக் போடுவார். ஒருவர் மாறியதற்கு இரண்டு தடத்தில் இரண்டு அலை. முன்னால் சுங்கச்சாவடியோ குறுகிய பாலமோ நிமிடத்துக்கு இத்தனை வண்டி என்றுதான் விடும். பின்னால் நாம் எப்படி வளைந்து நெளிந்தாலும் அந்த எண்ணிக்கை ஒன்றுகூட அதிகரிக்காது. வரிசையில் யார் முன், யார் பின் என்பது மட்டும் மாறும். மாறியே தீர வேண்டிய இடங்கள் இருக்கின்றன. திரும்ப வேண்டும் என்றால் முன்கூட்டியே, ஒரே முறை மாறுங்கள். மூன்று தடம் இரண்டாகிற இடத்தில் முடியும் இடம் வரை வந்து, ஒன்றுவிட்டு ஒன்றாகச் சேருங்கள்.

இதையெல்லாம் காலால் எப்படிச் செய்வது? கியர் வண்டியில் ஊர்ந்து போகிறவர்கள் பலர் கிளட்ச்சைப் பாதி அழுத்தியபடியே ஆக்சிலேட்டரை மிதிக்கிறார்கள். அரை மணியில் கருகல் வாடை வரும். அது கிளட்ச் பிளேட் தேயும் வாடை. அதற்குப் பதில், முன்னால் இரண்டு கார் நீளம் இடம் விழும்வரை பொறுத்திருங்கள். முதல் கியரில் கிளட்ச்சை முழுதாக விடுங்கள். பெரும்பாலான கார்கள் சமதளத்தில் ஆக்சிலேட்டர் இல்லாமலேயே நடக்கிற வேகத்துக்குச் சற்று மேல் தானே உருளும். இடம் விரிந்தால் இரண்டாம் கியர். இடம் குறைந்தால் முதலில் ஆக்சிலேட்டரிலிருந்து கால், பிறகுதான் பிரேக். நிற்க நேர்ந்தால், முன் வண்டியின் பின்சக்கரங்கள் தரையைத் தொடும் இடம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நில்லுங்கள். ஏற்றத்தில் அது பின்வாங்கினாலும் மோதாது, பழுதாகி நின்றாலும் ஒடித்து வெளியே வர இடம் இருக்கும். நகரும் முன் இடது கண்ணாடியை ஒருமுறை பாருங்கள். நாம் விட்ட இடைவெளி பைக் ஓட்டுபவருக்குப் பாதை. அவர் அங்கே இருப்பார் என்று எடுத்துக்கொண்டே நகர வேண்டும்.

சிக்னலுக்குப் பக்கத்தில் இந்தப் பாடத்தை அப்படியே நடத்தக் கூடாது. பச்சை விழுந்த பிறகு நீங்கள் ஐம்பது மீட்டர் இடம் விட்டு உருண்டால் உங்களுக்குப் பின்னால் இருபது பேர் அடுத்த சிவப்புக்கு நிற்பார்கள். அங்கே தாமதிக்காமல் கிளம்பி, சந்திப்பின் நடுவில் மாட்டாமல் கடக்க வேண்டும். நான் சொன்னது சிக்னல் இல்லாத நீண்ட சாலையில், நின்று நின்று போகும் நெரிசலுக்கு. இன்னொரு உண்மையையும் மறைக்க மாட்டேன். நாம் எவ்வளவு பதமாக ஓட்டினாலும், சாலை தாங்குவதற்கு மேல் வண்டி வந்தால் தாமதம் இருக்கத்தான் செய்யும். அந்தத் தாமதத்தை, நின்று நின்று பிரேக் எரித்துக் கழிப்பதா, உருண்டபடி கழிப்பதா என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

'ஊரே பாயும்போது நான் ஒருவன் மாறி என்ன ஆகும்?' என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் ஒரு விடை இருக்கிறது. அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில், நாகோயாவைப் போலவே வட்டப் பாதையில் இருபதுக்குச் சற்று மேற்பட்ட கார்களை ஓடவிட்டார்கள். அலை தானாக எழுந்தது. அவற்றில் ஒரே ஒரு காரின் வேகத்தை மட்டும், பாயாமல் சீராகப் போகும்படி கட்டுப்படுத்தினார்கள். மற்றவர்கள் வழக்கம்போலத்தான் ஓட்டினார்கள். அலை அடங்கியது. எரிபொருள் செலவு 40 சதவீதம் வரை குறைந்தது. ஒரு சோதனையில் அந்தக் காரின் வேகத்தைக் கட்டுப்படுத்தியது கணினி அல்ல. பயிற்சி பெற்ற ஒரு மனித ஓட்டுநர்தான், சொல்லப்பட்ட வேகத்தைப் பிடித்து ஓட்டினார். அப்போதும் அலை தணிந்தது. அது ஒற்றைத் தட வட்டம், நம் சாலை அப்படியல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருபது வண்டிக்கு ஒன்று போதும் என்பது இந்த மண்டபத்தில் இருப்பவர்களே தொடங்கிவிடக்கூடிய எண்ணிக்கை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டு முடிக்கிறேன். அடுத்த முறை கூடுவாஞ்சேரியிலிருந்து வண்டலூர் வரை நெரிசலில் போகும்போது, எத்தனை முறை பிரேக்கை மிதித்தீர்கள் என்று பக்கத்தில் இருப்பவரை எண்ணச் சொல்லுங்கள். அதற்கடுத்த முறை அந்த எண்ணைப் பாதியாக்கப் பாருங்கள். வீட்டுக்கு முன்னதாகப் போய்ச் சேர்வீர்கள் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. பெரிதாகப் பிந்தியும் போக மாட்டீர்கள். முன்னாலிருந்து வந்த அலை உங்களோடு நிற்கட்டும், பின்னால் போக வேண்டாம்.